முதல் சந்திப்புக்கு முன் பதற்றமா? மனப்பாடம் செய்த கேள்விகள் ஏன் கைகொடுப்பதில்லை

பெங்களூரு: திருமணத் தகவல் தளத்தின் வழியாகவோ டேட்டிங் செயலியின் வழியாகவோ அறிமுகமான இருவர், முதன்முறையாக ஒரு காபிக் கடையில் எதிரெதிரே அமர்ந்து பேசுவது இந்திய நகரங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. பலருக்கு இது சற்றே படபடப்பான ஒரு மாலைப்பொழுது, அவ்வளவுதான். ஆனால் சமூகப் பதற்றம் உள்ளவர்களுக்கோ அந்த ஒரு மணி நேரம், அதற்கு முந்தைய ஒரு வாரத்தின் உறக்கத்தையே விழுங்கிவிடுகிறது.

அத்தகையவர்கள் ஆயத்தமாவதில் குறை வைப்பதில்லை. பெரும்பாலும் தேவைக்கு மேலாகவே ஆயத்தமாகிறார்கள். கைப்பேசியில் இருபது கேள்விகளை எழுதிவைத்து, கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்ப்பார்கள். இருந்தும் சந்திப்பு முடிந்தபின் "பேச்சு ஒட்டவே இல்லை" என்ற எண்ணமே மிஞ்சுகிறது. அந்த ஆயத்தம் எப்படிப்பட்டது என்பதிலேயே இதற்கான காரணம் இருக்கிறது.

கவனம் எங்கே போகிறது?

பிரிட்டனின் உளவியலாளர்கள் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் ஆகியோர் 1995-இல் சமூகப் பதற்றத்துக்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். அக்கோளாறுக்கு இன்று அளிக்கப்படும் சிகிச்சைகளில் முதன்மையான ஒன்று அந்த விளக்கத்தின் மீதே அமைந்துள்ளது. அதன் சாரம் இதுதான்: பிறர் தம்மை மதிப்பிடுகிறார்கள் என்ற எண்ணம் எழுந்தவுடன், பதற்றம் உள்ளவரின் கவனம் எதிரில் இருப்பவரை விட்டு விலகித் தம் மீதே திரும்பிவிடுகிறது. முகம் சிவக்கிறதா, குரல் நடுங்குகிறதா, அடுத்து என்ன பேசுவது என்று அவர் தம்மையே கண்காணிக்கத் தொடங்குகிறார். உள்ளே உணரும் படபடப்பை வைத்தே தம் வெளித்தோற்றத்தையும் கற்பனை செய்துகொள்கிறார். உள்ளே இதயம் அடித்துக்கொள்வதால், வெளியிலும் தாம் நடுங்கிக்கொண்டிருப்பதாகவே நம்பிவிடுகிறார்.

இதன் தொடர்ச்சியாகச் சில தற்காப்புச் செயல்கள் முளைக்கின்றன. நடுக்கம் தெரியாதிருக்கக் கோப்பையை இரு கைகளாலும் இறுகப் பற்றுவது, வியர்வையை மறைக்கக் கோடையிலும் மேலங்கி அணிவது, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகே வாய் திறப்பது போன்றவை அவை. துணிவுக்காக ஒரு கோப்பை மது அருந்திவிட்டுச் செல்வதும் இவ்வகையே. இவை அந்தக் கணத்தில் ஆறுதல் தரும். ஆனால் கவனத்தை மேலும் உள்நோக்கியே இழுக்கும். இறுகப் பற்றிய கைதான் அதிகம் நடுங்கும். மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பவரின் காதில் எதிரில் இருப்பவர் சொன்னது பாதிதான் விழும்.

சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்த கேள்விப் பட்டியலும் இத்தகைய தற்காப்புச் செயல்தான். அடுத்த கேள்வி எது என்று நினைவில் தேடுபவரால் முந்தைய கேள்விக்கு வந்த பதிலைக் கேட்க இயலாது.

ஒரு விதிவிலக்கை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பலர் நடமாடும் பொது இடத்தில் சந்திப்பது, எங்கே, எத்தனை மணிக்கு என்பதைத் தோழிக்கோ சகோதரருக்கோ தெரிவித்துவிட்டுச் செல்வது, திரும்புவதற்கான வாகனத்தைத் தாமே ஏற்பாடு செய்துகொள்வது ஆகியவை, குறிப்பாகப் பெண்களுக்கு, உண்மையான பாதுகாப்பு நடவடிக்கைகள். பதற்றத்தைக் குறைக்கும் முயற்சியின் பெயரால் இவற்றைக் கைவிடுவது தவறு.

ஓர் எடுத்துக்காட்டு

இதை விளக்குவதற்காக அமைக்கப்பட்ட ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். பெங்களூருவில் பட்டயக் கணக்காளராகப் பணிபுரியும் 28 வயதுப் பெண் ஒருவர். சொந்த ஊர் இந்தூர். திருமணத் தகவல் தளம் வழியாக இரு குடும்பங்களும் பேசிய பின், மங்களூரைச் சேர்ந்த 30 வயது இளைஞரை ஞாயிறு மாலை 5 மணிக்கு ஜெயநகரில் ஒரு காபிக் கடையில் சந்திக்க இருக்கிறார். அந்த இளைஞர் பால் பொருள் நிறுவனம் ஒன்றின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். அவருடைய பக்கத்தில், பச்சை மலைகளுக்கு நடுவே செல்லும் ரயிலின் சன்னலோரம் அமர்ந்திருக்கும் படம் ஒன்று உள்ளது. அதிகாலையில் ஓட்டப் பயிற்சி செய்வதாகவும் எழுதியிருக்கிறார்.

அப்பெண் முதலில் கைப்பேசியில் 22 கேள்விகளை எழுதி வைத்திருந்தார். "உங்கள் பொழுதுபோக்கு என்ன?", "ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?", "உங்கள் பலம், பலவீனம் என்ன?" என்று அந்தப் பட்டியல் நீண்டது. வேலைக்கான நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகளுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு அதிகமில்லை. இவற்றில் எதுவும் அந்த இளைஞருக்கென்றே எழுந்த கேள்வியுமல்ல.

பட்டியலுக்குப் பதிலாக மூன்று பொருள்கள் போதும். ஒரு மணி நேரச் சந்திப்பில் அவற்றில் இரண்டே செலவாகும், மூன்றாவது கையிருப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு குறிப்புகள் வேண்டும். ஒன்று, அவரைப் பற்றி ஏற்கெனவே தெரிந்த ஒரு செய்தியிலிருந்து பிறக்கும் கேள்வி. மற்றொன்று, அதே பொருளில் தம் வாழ்க்கையிலிருந்து அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய ஒரு சிறு செய்தி. இவற்றை முழு வாக்கியங்களாக எழுதாமல் ஒன்றிரண்டு சொற்களாகவே குறித்துக்கொள்ள வேண்டும். வாக்கியமாக எழுதினால் அது மனப்பாடமாகிவிடும். ஒரு சொல் மறந்தாலும் தடுமாற்றம் வரும்.

அப்பெண்ணின் திருத்திய குறிப்பில் ஆறே சொற்கள் இருந்தன: ரயில் – சரஃபா, பால் – அம்மா, ஓட்டம் – ஏரி. படத்தில் உள்ள ரயில் பயணத்தைப் பற்றிக் கேட்கலாம். தம் பங்குக்கு, பகலில் நகைக்கடைத் தெருவாகவும் இரவில் உணவுத் தெருவாகவும் இருக்கும் இந்தூரின் சரஃபா கடைவீதியைப் பற்றிச் சொல்லலாம். பாலின் தரத்தை எப்படிச் சோதிப்பார்கள் என்று கேட்கலாம். தம் தாயார் பாலில் விரலை நனைத்துப் பார்த்தே தண்ணீர் கலந்ததைச் சொல்லிவிடுவதை நினைவுகூரலாம். மூன்றாவது, வீட்டருகே உள்ள ஏரிக்கரையில் தாம் நடக்கத் தொடங்கி நான்கே நாள்களில் நிறுத்திவிட்ட கதை.

கேள்விகளை அமைப்பதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. "உங்களுக்குப் பயணம் பிடிக்குமா?" என்பதற்கு "பிடிக்கும்" என்ற ஒற்றைச் சொல்லே பதிலாகும். "எப்படி", "என்ன" என்று தொடங்கும் கேள்விகளுக்கு ஓர் அனுபவம் பதிலாக வரும். "ஏன்" என்ற சொல்லை முதல் சந்திப்பில் சிக்கனமாகப் பயன்படுத்துவது நல்லது. "ஏன் அந்த வேலையை விட்டீர்கள்?", "ஏன் இன்னும் திருமணம் ஆகவில்லை?" போன்றவை விசாரணையின் தொனியில் ஒலிக்கும். ஊதியம், சொத்து ஆகியவற்றைப் பெரியவர்கள் எப்படியும் பேசிவிடுவார்கள்; அந்த ஒரு மணி நேரத்தை அவற்றில் செலவிடத் தேவையில்லை.

இரண்டாவது கேள்வியே முக்கியம்

முதல் கேள்வி பேச்சைத் திறக்க மட்டுமே பயன்படும். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பேச்சில் கேட்கப்படும் கேள்விகளை வகைப்படுத்தி ஆராய்ந்தது. எதிரில் இருப்பவர் சற்று முன் சொன்னதைப் பற்றியே மேலும் கேட்கும் தொடர் கேள்விகளைக் கேட்டவர்களைப் பிறர் அதிகம் விரும்பினர் என்பது அதில் தெரியவந்தது. சில நிமிடங்களே நீடிக்கும் விரைவுச் சந்திப்புகளின் பதிவுகளையும் அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது. தொடர் கேள்விகளை அதிகம் கேட்டவர்களுக்கு, மீண்டும் சந்திக்கலாம் என்ற இசைவு கிடைக்கும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது.

தொடர் கேள்வியை முன்கூட்டியே எழுத முடியாது. கேட்டால்தான் அது பிறக்கும். பதற்றம் உள்ளவருக்கு இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. தொடர் கேள்வி கேட்க வேண்டுமென்ற எண்ணம், கவனத்தைத் தாமாகவே எதிரில் இருப்பவர் பக்கம் திருப்பிவிடுகிறது.

எடுத்துக்காட்டில் உள்ள பெண், "படத்தில் இருக்கும் ரயில் ஊருக்குப் போகும் வழியில் எடுத்ததா?" என்று தொடங்குகிறார். "ஆமாம், சக்லேஷ்பூர் மலைப்பாதை. ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் வரும். இரவு வண்டியில் போனால் ஒன்றும் தெரியாது" என்கிறார் இளைஞர். பழைய பட்டியல் கையில் இருந்திருந்தால், அடுத்து "உங்கள் பலவீனம் என்ன?" என்ற கேள்விதான் வந்திருக்கும். அவரோ, "அப்படியானால் பகல் வண்டியில் போகிறவர் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார். "சக்லேஷ்பூர் வருவதற்குள் தூங்கிவிடக் கூடாது. நான் இரண்டு முறை தூங்கியிருக்கிறேன்" என்று சிரிக்கிறார் இளைஞர். "நான் இந்தூர் வண்டியில் ஏறியதுமே தூங்கிவிடுவேன். விடியற்காலையில் அப்பா சரஃபாவில் வாங்கி வைத்ததை நினைத்துத்தான் விழிப்பே வரும்" என்கிறார் அவர். இப்போது கேட்பது இளைஞரின் முறை: "சரஃபா என்றால் என்ன?"

இங்கே கேள்விக்கு இணையாகத் தம்மைப் பற்றிய ஒரு செய்தியும் வந்திருப்பதைக் கவனிக்கலாம். பதற்றம் உள்ளவர்களில் ஒரு சாரார், தம்மைப் பற்றி எதுவும் சொல்லாதிருக்கும் பொருட்டே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார்கள். அதுவும் ஒரு தற்காப்புச் செயல்தான். இரண்டு கேள்விகளுக்கு ஒருமுறையாவது தம் பக்கத்திலிருந்து ஏதேனும் சொல்லாவிட்டால், எதிரில் இருப்பவர் தாம் விசாரிக்கப்படுவதாக உணரத் தொடங்குவார். அவருடைய பதில்கள் குறுகிக்கொண்டே போவது அதற்கான அடையாளம்.

பேச்சு அறுந்து சில நொடிகள் மௌனம் விழுந்தால் அதை உடனே நிரப்ப வேண்டியதில்லை. பதற்றத்தில் ஐந்து நொடி ஐந்து நிமிடமாகத் தோன்றும். ஒரு வாய் காபி அருந்திவிட்டு, "முன்பு பாலைச் சோதிப்பது பற்றிச் சொல்ல வந்தீர்களே" என்று விட்ட இடத்துக்குத் திரும்பினால் போதும்.

உடலின் படபடப்பு

மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்ற அறிவுரையைக் கேட்காதவர் இருக்க முடியாது. அதைச் செய்து தலைசுற்றல் கண்டவர்களும் குறைவல்லர். ஆழ்ந்த மூச்சு என்ற பெயரில் வேகவேகமாக நிறையக் காற்றை இழுத்தால், இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைந்து தலை லேசாகும். விரல்நுனிகளும் உதடுகளும் மரத்துப்போகும். ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவர் இதையும் ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு மேலும் பதறுவார். அவ்வாறு நேர்ந்தால், உள்ளிழுக்கும் அளவைக் குறைத்து, வெளிவிடும் மூச்சை நீட்ட வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில் சோதிக்கப்பட்ட முறை எளிமையானது. மூக்கின் வழியே ஒருமுறை மூச்சை இழுத்து, அதை விடாமல் மேலும் சிறிதளவு இழுத்து, பின்னர் வாய் வழியே மிக மெதுவாக முழுவதையும் வெளிவிட வேண்டும். நாளுக்கு ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் இதைச் செய்தவர்களின் மனநிலை மேம்பட்டது. அவர்களின் மூச்சு வேகமும் குறைந்தது. எனவே சந்திப்பு நாளன்று முதன்முறையாக இதை முயல்வதைவிட, சில நாள்கள் முன்பிருந்தே பழகிக்கொள்வது நல்லது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஆட்டோவில் செல்லும்போது ஐந்து நிமிடம் செய்யலாம். மேசையில் அமர்ந்தபின் நிறுத்திவிட வேண்டும். பேச்சின் நடுவே மூச்சைக் கவனிப்பவர் மீண்டும் தம்மையே கண்காணிக்கத் தொடங்கிவிடுவார். இதயத் துடிப்பைக் காட்டும் ஸ்மார்ட் வாட்சை அன்று வீட்டிலேயே விட்டுச் செல்வதும் இதே காரணத்துக்காகத்தான். அதில் 118 என்ற எண்ணைப் பார்த்த பிறகு எவருக்கும் சரஃபாவைப் பற்றிப் பேசத் தோன்றாது.

காபிக் கடையை அடைவதற்கு முந்தைய சில நிமிடங்களில் கவனத்தை வெளியே திருப்பிப் பழகலாம். கடைகளின் பெயர்ப் பலகைகளைப் படிப்பது, தெருவில் கேட்கும் மூன்று தனித்தனி ஒலிகளை அடையாளம் காண்பது போன்றவை போதும். நாற்பது நிமிடம் முன்னதாகப் போய் அமர்ந்தால், அந்த நேரம் முழுவதும் அச்சமே பேசிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் முன்னதாகச் சென்றால் போதுமானது. வெறும் வயிற்றில் அடுத்தடுத்துக் காபி அருந்தினால் நடுக்கமும் படபடப்பும் கூடும். அன்று பிற்பகலில் ஏதேனும் உண்டுவிட்டு, சந்திப்பில் எலுமிச்சைச் சாறோ மோரோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நடுக்கம் வந்தால் எதிரில் இருப்பவருக்குத் தெரியாதா? சிறிது தெரியலாம். ஆனால் நாம் நினைக்கும் அளவுக்குத் தெரிவதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் சாவிட்ஸ்கி, கிலோவிச் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசியவர்கள் தம் பதற்றம் பார்வையாளர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று மதிப்பிட்டனர். பார்வையாளர்கள் உண்மையில் கண்டதைவிட அந்த மதிப்பீடு அதிகமாக இருந்தது. இந்த உண்மையை முன்கூட்டியே அறிந்துகொண்டு பேசியவர்கள் கூடுதல் நிதானத்துடன் பேசினர். "முதல் சந்திப்பு என்பதால் கொஞ்சம் படபடப்பாக இருக்கிறது" என்று ஒருமுறை சொல்லிவிட்டு மேலே செல்வதில் தவறில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால், எதிரில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்வதே வேலையாகிவிடும்.

எப்போது மருத்துவ உதவி?

கூச்ச சுபாவம் வேறு. சமூகப் பதற்றக் கோளாறு வேறு. இந்த அச்சம் ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடித்து, சந்திப்புகளைத் தொடர்ந்து தவிர்க்கச் செய்து, வேலையையும் உறவுகளையும் பாதித்தால் மனநல வல்லுநரை அணுக வேண்டும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருகிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

நடுக்கத்தைக் குறைப்பதற்கென்று நண்பர்கள் தரும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளை மருத்துவரின் பரிந்துரையின்றி உட்கொள்ளக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவை கடும் மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும்.

சந்திப்பு முடிந்த இரவு

பதற்றம் சந்திப்போடு முடிந்துவிடுவதில்லை. அன்றிரவு ஒவ்வொரு சொல்லையும் மீண்டும் ஓட்டிப் பார்த்து, தாம் உளறிவிட்ட இடங்களை மட்டும் பொறுக்கியெடுப்பது இக்கோளாறின் ஓர் அங்கமாகவே கருதப்படுகிறது. அந்த மறு ஒளிபரப்பில் காட்டப்படும் படமும் நம்பத்தக்கதல்ல. முதன்முறையாகப் பேசிக்கொண்டவர்களை வைத்து நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. எதிரில் இருந்தவர் தம்மை எவ்வளவு விரும்பினார் என்பதைப் பெரும்பாலோர் உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர். கூச்ச சுபாவம் மிகுந்தவர்களிடம் அந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது.

ஆகவே நினைவை நம்புவதைவிட, முந்தைய நாளே எழுதி வைத்த குறிப்பை நம்பலாம். எடுத்துக்காட்டில் உள்ள பெண் சனிக்கிழமை இரவு ஒரு தாளில் இரண்டு வரி எழுதியிருந்தார்: "என் கை நடுங்குவதை அவர் கவனித்துவிடுவார். அரை மணி நேரத்தில் ஏதேனும் காரணம் சொல்லிக் கிளம்பிவிடுவார்." இது நடக்குமென்று தாம் நம்பும் அளவு நூற்றுக்கு 80 என்றும் குறித்திருந்தார்.

ஞாயிறு இரவு அதே தாளில், நடந்தவற்றை மட்டும், தம் கருத்தைக் கலக்காமல் அவர் எழுதினார். கோப்பையை ஒரு கையால் எடுத்தபோது தட்டில் சிறிது சிந்தியது. அவர் காகிதக் கைக்குட்டையை நகர்த்தி வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அவர் கேட்ட கேள்விகள் குறைந்தது ஏழு. கிளம்பும்போது மணி 6.20. நடுவில் ஒருமுறை நீண்ட மௌனம் வந்தது. அதை உடைத்தது அவர்தான். இதற்குப் பத்து நிமிடம் ஆனது. அதன்பின் தாளை மடித்து வைத்துவிட்டார்.

மீண்டும் சந்திக்க விருப்பமிருந்தால், மறுநாள் அனுப்பும் செய்தி நீளமாக இருக்க வேண்டியதில்லை. பேச்சில் முடிவடையாமல் நின்ற ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். "பாலைச் சோதிக்கும் கதை பாதியில் நின்றுவிட்டது. அடுத்த முறை அதிலிருந்து தொடங்கலாமா?" என்று அவர் திங்கள் காலை அலுவலகப் பேருந்தில் அமர்ந்து அனுப்பினார்.